ஒரு நாழி தவிடு

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லி அழ வைக்காத அண்ணன் அக்காள் தமிழ்நாட்டில் குறைவு. சின்னப் பிள்ளை அடம் பிடித்தால் போதும், இந்த வார்த்தை வந்துவிடும். பிள்ளை அம்மாவிடம் ஓடிப்போய் உண்மையா என்று கேட்கும். அம்மா சிரித்துக்கொண்டே, “சும்மா சொல்கிறான்” என்பாள். அதோடு முடிந்துவிடும்.

என் வீட்டில் அது முடியவில்லை. நான் கேட்டபோது அம்மா சிரிக்கவில்லை. “ஆமாம், ஒரு நாழி தவிடு கொடுத்துத்தான் வாங்கினேன். அதனால்தான் இருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கத் தொடங்கிவிட்டாள். அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும்.

என் பெயர் பிச்சையம்மாள். 1972-இல் சங்கரன்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தேன். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. பள்ளிச் சான்றிதழ் முதல் ஆதார் அட்டை வரை எல்லாவற்றிலும் இதுதான் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஓர் அட்டையில் ‘சி’க்கு முன்னால் ஒரு ‘டி’ இருக்கும், இன்னோர் அட்டையில் இருக்காது. கிராம சுகாதார செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி எழுதி வந்தவளுக்குத் தன் பெயரைப் பற்றி எழுத இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது.

அம்மா எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பேர். முதலில் ஓர் அண்ணன். அடுத்து ஓர் அக்காள். மாதம் நிறையாமல் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டாள். மூன்றாவது மறுபடியும் அண்ணன். மூவரில் யாரும் பதினாறாம் நாள் வரை இருக்கவில்லை. எங்கள் வீட்டில் பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். ஆகவே மூவருக்கும் பெயர் இல்லை. அம்மா அவர்களைப் பற்றிப் பேசும்போது “மூத்தது”, “நடுவிலது”, “சித்திரையில் பிறந்தது” என்றுதான் சொல்லுவாள்.

நான்காவதாக நான் வயிற்றில் இருந்தபோதே ஆச்சி முடிவு செய்துவிட்டாளாம். பிறந்து பதினோராம் நாள் தீட்டுக் கழித்ததும் என்னைக் குளிப்பாட்டி, சுளகில் கிழிந்த பழஞ்சேலையை விரித்து அதில் கிடத்தினார்கள். தெருக்கோடியில் இருந்த குப்பைக்கிடங்கின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அம்மா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஊரில் வேறொரு வீட்டுப் பெண், பெற்ற பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருப்பவள், ஏதோ தற்செயலாகப் பார்ப்பவளைப் போல அந்தப் பக்கம் வந்து, “யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை கிடக்கிறதே” என்று சத்தமாகச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்து எங்கள் வாசலுக்கு வந்து, “பிள்ளை விலைக்கு இருக்கிறது, வேண்டுமா” என்று கேட்க வேண்டும். அம்மா உள்ளே இருந்து ஒரு நாழி தவிடு அளந்து அவளுடைய மடியில் கொட்டி என்னை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியே நடந்தது.

அதற்குப் பிறகு ஆச்சி ஏழு வீட்டில் அரிசி பிச்சை எடுத்து வந்து, அதைக் காய்ச்சி அந்தக் கஞ்சியில் ஒரு சொட்டு என் நாக்கில் வைத்தாள். என் முதல் சட்டை யாரோ ஒரு வீட்டுப் பழைய வேட்டிக் கிழிசல். பெயரும் பிச்சை. பெண் என்பதால் அம்மாள்.

எல்லாம் எமனை ஏமாற்றும் வேலை. இந்தப் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, யாரோ எறிந்தது, ஒரு நாழி தவிட்டுக்கு மேல் பெறாதது, பெயரும் பிச்சை, உடுப்பும் பிச்சை. இவ்வளவு மலிவான ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று எமனிடம் சொல்வதற்காக ஒரு வீடே சேர்ந்து நடத்திய நாடகம். அடுத்த தலைமுறையில் அந்தச் சடங்கு மறைந்து, தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லும் கேலி மட்டும் மிஞ்சியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் பள்ளியில் யாரிடம் சொல்வது? ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசிக்கத் தொடங்கியதும் என் கைகள் சில்லிட்டுவிடும். என் பெயரின் முதல் இரண்டு எழுத்து வாயில் வரும்போதே பின்வரிசையில் யாராவது “அம்மா தாயே” என்று இழுப்பான். மதிய உணவுக்குத் தட்டை நீட்டும்போது அதே குரல் மறுபடியும் வரும். தட்டை நீட்டுகிறவர்கள் எல்லாரும்தான். ஆனால் என் தட்டுக்கு மட்டும் பெயர் இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க நான் மதியம் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவேன். இதை எழுதும்போதும் அந்தப் பிள்ளையின் பசி எனக்குத் தெரிகிறது.

எனக்குப் பிறகு பிறந்த தம்பிக்கும் தங்கைக்கும் நல்ல சாமி பெயர்கள். எமனுக்குப் பயந்த காலம் என்னோடு முடிந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் மேல் கோபப்பட்டிருக்கிறேன். தம்பி என்னைப் “பிச்சக்கா” என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்குள் அது எனக்கு வலித்ததில்லை. வாசலைத் தாண்டி அவன் தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஆச்சி மட்டும் என்னைப் பிச்சி என்று அழைத்தாள். “ஏட்டி பிச்சி” என்று அவள் தொழுவத்திலிருந்து கூப்பிடுகிற குரலில் பிச்சை என்பது இருக்கவே இருக்காது. எங்கள் பக்கம் பிச்சி என்றால் பூ. சென்னையில் ஜாதிமல்லி என்று விற்கிறார்களே, அதேதான். மல்லிகை மொட்டு குண்டாக வெள்ளையாக இருக்கும். பிச்சி மொட்டு ஒல்லியாக நீண்டு, வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். விரிந்தால் உள்ளே சுத்த வெள்ளை. சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் அதைப் போடுவார்கள். விடியும் முன்னே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் மதிப்பு இல்லை. பத்து வயதிலிருந்து விடுமுறை நாட்களில் நானும் பிச்சி பறிக்கப் போயிருக்கிறேன். இருட்டில் மொட்டு எது இலை எது என்று விரல்தான் சொல்லும். ஆச்சி அந்தப் பூவை நினைத்து அழைத்தாளா, பிச்சையைச் சுருக்கி அழைத்தாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் போன பிறகு கேட்க ஆள் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒன்றரை வருடச் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். விடுதியில் பெயர் கேட்டவர்களிடம் “அம்மு” என்று சொல்லிவைத்தேன். அம்மாளின் ‘அம்’மை எடுத்து நானே செய்துகொண்ட பெயர். ஒன்பது மாதம் அம்முவாக இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஒன்பதாவது மாதத்தில் ஒரு வகுப்பு. டெட்டனஸ் என்கிற ரணஜன்னி பற்றிய பாடம். ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். பச்சிளம் குழந்தைக்கு வந்திருப்பது ரணஜன்னிதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு ஒரு வரையறை உண்டு. பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தை நன்றாக அழுதிருக்கும், நன்றாகப் பால் குடித்திருக்கும். மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் ஒரு நாள் அதனால் பால் குடிக்க முடியாமல் போகும். தாடை இறுகிக்கொள்ளும். உடல் விறைக்கும், வலிப்பு வரும். சத்தம் கேட்டாலும் தொட்டாலும் வெளிச்சம் பட்டாலும் வலிப்பு அதிகமாகும். முதுகு வில்லாக வளையும். அதனால்தான் தமிழில் வில்வாதம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எத்தனையோ முறை சொன்னது அது. “மூத்தது இரண்டு நாள் நல்லாத்தான் குடித்தது. அஞ்சாம் நாள் காம்பைப் பிடிக்கவில்லை. வாய் திறக்கவில்லை. தொட்டால் துடிக்கும். வில் மாதிரி வளைந்தது. ஏழாம் நாள் போய்விட்டது.” சித்திரையில் பிறந்தது ஆறாம் நாள் போனது, அதற்கும் இதே கதைதான். ஏவல் என்றார்கள், காற்றுக் கறுப்பு என்றார்கள், அம்மாவின் ராசி என்றுகூட ஒரு கிழவி சொன்னாளாம். என் நோட்டில் அதற்கு ஆறு வரியில் பதில் இருந்தது.

அடுத்து ஆசிரியை காரணத்தைச் சொன்னார். கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கும். அதன் வித்துகள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொடியை அறுக்கும் அரிவாளிலோ பழைய பிளேடிலோ அது ஒட்டியிருந்தால் தொப்புள் வழியாக உள்ளே போகும். அறுத்த இடத்தில் சாணிச் சாம்பலோ மண்ணோ வைத்துக் கட்டினால் கேட்கவே வேண்டாம். கர்ப்பத்தின்போது தாய்க்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, ஒவ்வொன்றும் அரை மில்லி. இரண்டாவது ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட்டிருந்தால், தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்விடும். என் அம்மாவுக்கு அந்த ஊசியை யாரும் போடவில்லை. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. எனக்கு அப்போது ஆறு வயது.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு செவிலி கேட்பது போலக் கேட்டேன். மூத்தவருக்கும் சித்திரைப் பிள்ளைக்கும் யார் பிரசவம் பார்த்தது? உள்ளூர் மருத்துவச்சி. கொடியை எதால் அறுத்தாள்? கதிர் அரிவாளால். தொப்புளில் என்ன வைத்தாள்? எருச் சாம்பல். எனக்கு யார் பார்த்தது? ஆச்சி பயந்துபோய் பக்கத்து ஊரிலிருந்து வேறு ஒருத்தியை வரவழைத்திருந்தாள். அவள் எதால் அறுத்தாள்? “அவள் கொஞ்சம் கறாரானவள். கடைக்கு ஆள் அனுப்பிப் புது பிளேடு வாங்கி வரச் சொன்னாள். தொப்புளில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.”

கடைசியாக நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. குப்பைக்கிடங்கில் என்னை வைத்தார்களே, அப்போது தொப்புள் விழுந்திருந்ததா? மாட்டுச் சாணமும் மக்கிய வைக்கோலும் குவிந்து கிடக்கிற இடம் அது. அம்மா யோசித்துவிட்டு, “ஏழாம் நாளே விழுந்து காய்ந்துவிட்டதே. பதினோராம் நாள்தானே கொண்டுபோனோம்” என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அம்மாவுக்கு நான் ஏன் இதையெல்லாம் கேட்கிறேன் என்று புரியவில்லை.

சுளகில் கிடத்திக் குப்பை ஓரத்தில் வைத்த நாளில், என் அண்ணன்களைக் கொண்டுபோன ஆபத்து பெரும்பாலும் கடந்துவிட்டிருந்தது. என்னைக் காப்பாற்றியது பக்கத்து ஊர் மருத்துவச்சியின் பிளேடு என்றுதான் இன்றும் நம்புகிறேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மூத்தவனையும் சித்திரைப் பிள்ளையையும் ஒரு புது பிளேடு காப்பாற்றியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் புதைத்த பிள்ளைகளை அவளுடைய கையில் மறுபடியும் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிடு கொடுத்து வாங்கினேன் என்பது அவளுக்கு இருந்த ஒரே வெற்றி. அது அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் அம்முவை நிறுத்திவிட்டேன். பெருமையால் அல்ல, என் பெயரில் இரண்டு அண்ணன்களும் ஓர் அக்காளும் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அவர்கள் வந்து போனதற்கு வேறு எந்தப் பதிவும் இல்லை. என்னைக் கூப்பிடும்போதுதான் அவர்கள் இருந்தார்கள் என்பது தெரிகிறது.

பெயர் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1997-இல் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டில் பத்திரிகையில் இந்தப் பெயர் வேண்டாம் என்றார்கள். லட்சுமி என்று போட்டுக்கொள்ளலாம், வேண்டுமென்றால் அரசிதழிலும் மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஆசைதான். அரசு எழுதுபொருள் அச்சுத் துறையின் படிவம் ஒன்றை வாங்கிவந்து நிரப்பவும் தொடங்கினேன். பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர், இனிமேல் எந்தப் பெயரால் அறியப்பட விரும்புகிறேன் என்று வரிசையாகக் கேட்கும். புதுப் பெயரை எழுதும் இடத்தில் லட்சுமி என்று பென்சிலால் எழுதினேன், எழுத்து அழகாக விழுந்தது.

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அது என்ன தாள் என்று கேட்டாள், சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. “மாற்றினால் தெரிந்துபோகுமே” என்றாள். யாருக்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இருபத்தைந்து வயது. பிரசவம் பார்க்கிறேன், ஊசி போடுகிறேன், பத்து மைல் தனியாகச் சைக்கிளில் போய் வருகிறேன். அவளுக்கு நான் இன்னும் சுளகில் கிடந்த பிள்ளை; எமன் இன்னும் தெருக்கோடியில் நின்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். படிவத்தைக் கிழித்துவிட்டேன். பத்திரிகையில் என் பெயரே வந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கணவர் முதல் வாரத்திலேயே பிச்சி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் அந்தப் பக்கத்துக்காரர், அவருக்கும் அது பூதான்.

வேலையில் சேர்ந்த பிறகு வீடு வீடாகப் போகிறபோது என்னைப் போலப் பெயர் உள்ளவர்களைத் தேடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. குப்பன், குப்பம்மாள், மூக்கன், மூக்காயி, பிச்சையா, பிச்சைமுத்து. கிறிஸ்தவர் வீட்டிலும் பிச்சை உண்டு, முஸ்லிம் வீட்டிலும் பிச்சை உண்டு, பக்கீர் உண்டு. தெலுங்கு பேசும் வீடுகளில் பெண்டையா என்பார்கள். பெண்ட என்றால் குப்பை. வங்காளத்தில் தீன்கொடி, பாஞ்ச்கொடி என்று பெயர் வைப்பார்கள் என்று பின்னால் அறிந்தேன். மூன்று சோழிக்கு, ஐந்து சோழிக்கு வாங்கிய பிள்ளை என்று பொருள். அங்கே சோழி, எங்கள் வீட்டில் தவிடு.

இப்படிப் பெயர் உள்ள வயதானவர்களைப் பார்த்தால், “உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?” என்று கேட்பேன். ஏன் இதைக் கேட்கிறாய் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இரண்டு என்பார்கள், நான்கு என்பார்கள். மூக்காயி என்று ஒரு பாட்டி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஏழு என்று சொல்லிவிட்டு வலது மூக்கைத் தொட்டுக் காண்பித்தாள். பிறந்த மறுநாளே குத்திய ஓட்டை. ஊனம் உள்ளது என்று தெரிந்தால் எமன் எடுக்க மாட்டான் என்று குத்தினார்களாம். வளர வளர அதுவும் நீண்டு ஒரு கோடு போலக் கிடந்தது. மூக்குத்தி போட்டால் நிற்காது என்றாள்.

பிச்சை என்று பெயர் வைத்த எல்லா வீட்டிலும் பிள்ளை செத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. மடிப்பிச்சை ஏந்தி வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பெயர் வரும். தாத்தா பெயர் என்பதற்காகவே பேரனுக்கு வரும். சிவனுக்கே பிச்சாடனர் என்று ஒரு கோலம் உண்டு. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் காலப் பிச்சாடனர் வெண்கலச் சிலை இருக்கிறது. கையில் ஓடு ஏந்தி, பக்கத்தில் தாவும் மானோடு, இடுப்பில் பாம்பைத் தவிர ஏதுமில்லாமல் அவர் நடந்துவரும் அழகைப் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் யாராவது எனக்கு அதைக் காட்டியிருக்கலாம்.

2015-ஆம் ஆண்டு சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது எங்கள் சுகாதார நிலையத்தில் எனக்குத்தான் வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு மருந்தாளுநர் லட்டு வாங்கி வந்தார். நாற்பது வருடமாக நாக்கில் தடுக்கிக்கொண்டிருந்த சொல்லைத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் மரியாதையோடு உச்சரிப்பதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் அதே ஆண்டு எங்கள் துறைக்கு இன்னொரு செய்தியும் வந்தது. பச்சிளம் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுகூட இல்லை என்பது அதன் கணக்கு. அன்று வீட்டுக்கு வந்து நானாகவே பாயசம் வைத்தேன். அம்மா எதற்கு என்று கேட்டாள். “சும்மாதான்” என்றேன்.

பழைய தமிழ்ப் பெயர்கள் அழிகின்றனவே என்று பலரும் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு; வாயில் நுழையாத பெயர்களைப் பதிவேட்டில் எழுதும்போது கை சலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிச்சை, குப்பை, மூக்காயி போன்ற பெயர்களுக்காக என்னால் வருந்த முடியவில்லை. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் அது 13. அந்த 129-க்குள் இருந்துதான் என் பெயர் வந்தது. நான் பணியில் இருந்த இத்தனை வருடங்களில் பிறந்த ஒரு குழந்தைக்குக்கூடப் பிச்சை என்று நான் எழுதவில்லை. இந்தப் பெயர் என்னோடு போகட்டும் என்று மனதார நினைக்கிறேன்.

சட்டப்படி இப்போது பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை பதிவில் இன்னாரின் ஆண் குழந்தை, இன்னாரின் பெண் குழந்தை என்று இருக்கும். அந்தக் காலியிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பதினாறாம் நாளை எட்டாத மூன்று பேர் என் நினைவுக்கு வருவார்கள்.

என் மகள் கல்லூரியில் தமிழ் படித்தாள். ஒருநாள் விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “அம்மா, உன் பெயர் சங்க இலக்கியத்தில் இருக்கிறது” என்றாள். பிச்சைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். பிச்சை இல்லை, பிச்சி என்றாள். அந்தக் காலத்தில் பித்திகம். படித்தான் என்பது பேச்சில் படிச்சான் ஆவது போல, இகரத்துக்குப் பின்னால் வரும் இரட்டைத் தகரம் சகரமாகிப் பித்தி பிச்சியாகிவிட்டதாம். பிச்சை வேறு வழியில் வந்தது. அட்சதை அச்சதை ஆனது போல வடமொழிப் பிக்ஷை பிச்சை ஆனது. இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை என்றாள். நெடுநல்வாடையில் ஓரிடம் சொன்னாள். அடைமழைக்காலம், பகலா மாலையா என்று தெரியாமல் வானம் இருண்டு கிடக்கிறது. வீட்டுப் பெண்கள் பித்திக மொட்டுகளைப் பூத்தட்டில் இட்டு வைத்திருக்கிறார்கள். மொட்டு விரிந்து மணம் வருகிறது. அந்த மணத்தை வைத்து மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

எனக்கு உடனே ஆச்சிதான் ஞாபகம் வந்தாள். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மழை நாளில் அவள் பிச்சி மொட்டைத் தொடுத்து ஈரத்துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்திருப்பாள். “ஏட்டி பிச்சி, வாசம் வந்துவிட்டது, விளக்கைப் பொருத்து” என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். பிச்சையைச் சுருக்கிக் கூப்பிட்டாளா, பூவை நினைத்துக் கூப்பிட்டாளா என்ற கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது போல இருந்தது. அவள் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். எமன் காதில் விழும்படி பிச்சை என்று பெயர் வைத்துவிட்டு, வீட்டுக்குள் என்னை வேறு பெயரால் அழைத்திருக்கிறாள். சான்று கிடையாது, நான் அப்படித்தான் நம்புகிறேன்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் பிரசவத்துக்குப் பின் பார்க்கப் போயிருந்தேன். ஒன்பது நாள் குழந்தை, பெண். முதல் பிரசவம், தாய்க்கு இருபத்திரண்டு வயது. மடியில் கிடத்தித் துணியை விலக்கிப் பார்த்தேன். தொப்புள் விழுந்து சுத்தமாகக் காய்ந்திருந்தது. சிவப்பு இல்லை, ஈரம் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறதா என்று கேட்டேன், “எந்நேரமும் குடித்துக்கொண்டேதான் இருக்கிறாள், சிஸ்டர்” என்றாள். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கி என் கையெழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பிச்சையம்மாளா? இப்படிக்கூடப் பெயர் உண்டா சிஸ்டர்? என்ன அர்த்தம்?”

குழந்தை என் மடியில் ஒரு கொட்டாவி விட்டது. அதன் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பூப் பெயர்தான் அம்மா. பிச்சிப்பூ தெரியுமில்லையா, அது” என்றேன்.